70 ரூபாயா, 230 ரூபாயா? ஒரு சம்பளக் கணக்கும் டம்மி மாறியும்

குமரி மாவட்டத்தில் வீடு கட்டும் இடங்களில் கையாள் வேலைக்கு ஆணும் வருவார், பெண்ணும் வருவார். சிமெண்ட் கலவை சுமப்பது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, மணல் சலிப்பது என்று தொடக்கத்தில் இருவர் வேலையும் ஏறத்தாழ ஒன்றுதான். சில வருடம் போனால் ஆண் கையில் கரணை வந்துவிடும், அவர் கொத்தனார். பெண் தலையில் சட்டி அப்படியே இருக்கும். பத்து வருடம் வேலை பார்த்த பிறகும் அவர் கையாள்தான். விதிவிலக்குகள் உண்டு, எண்ணிக்கையில் குறைவு.

இதைச் சம்பளக் கணக்கில் எப்படிப் பிடிப்பது? ‘பெண்களுக்கு இவ்வளவு ரூபாய் குறைவு’ என்று ஒரே எண்ணைச் சொன்னால் மேலே சொன்ன கதையில் பாதி காணாமல் போகும். அந்தப் பாதியைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் டம்மி மாறியின் முக்கியமான உபயோகம். அதே இடத்தில்தான் அதைத் தப்பாக வாசிப்பவர்களும் அதிகம்.

சம்பளம் எதைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் தொடர்புப் போக்குச் சமன்பாட்டில் சம்பளம், அனுபவம் போன்றவை எண்கள். ஆண், பெண் என்பது எண் அல்ல. அதனால் ‘பெண்’ என்று ஒரு மாறியை வைத்து, பெண் என்றால் 1, ஆண் என்றால் 0 என்று எழுதுகிறோம். இதுதான் டம்மி மாறி. இந்த 1க்கு அளவு என்ற பொருள் கிடையாது. சமன்பாட்டின் ஒரு பகுதியைச் சிலருக்கு மட்டும் சேர்த்துக் கொள்ளும் ஏற்பாடு அது. 0 பெற்றவர்கள் அடிப்படைக் குழு. மற்றவர்களுக்கான வித்தியாசம் எல்லாம் அவர்களிலிருந்து அளக்கப்படுகிறது.

விளக்கத்துக்காக நானே இட்டுக்கட்டிய பத்துப் பேரின் தினச் சம்பளம் இது. கணக்கு கையால் போட வசதியாக எண்களைத் தேர்ந்திருக்கிறேன், எந்த ஆய்விலிருந்தும் எடுக்கவில்லை.

```
அனுபவம் (வருடம்)    2     5     8    11    14
ஆண் (ரூ.)          690   795   850   905  1010
பெண் (ரூ.)         600   600   610   630   660
```

ஆண்களின் சராசரி 850 ரூபாய், பெண்களின் சராசரி 620. வித்தியாசம் 230. முதலில் எல்லோரும் போடும் சமன்பாட்டைப் போடுவோம். அனுபவத்துக்கு ஒரு கெழு, அதாவது அதைப் பெருக்கும் எண், பெண் என்ற டம்மிக்கு ஒரு கெழு. பிழைகளின் வர்க்கக் கூட்டலை முடிந்தவரை சிறிதாக்கும் சிறுமப் பிழைவர்க்க முறையில் விடை இப்படி வரும்:

```
சம்பளம் = 730 + 15×அனுபவம் − 230×பெண்
```

ஆணுக்குப் பெண் = 0. ஆகவே அவர்கள் கோடு 730இல் தொடங்கி, வருடத்துக்கு 15 ரூபாய் ஏறுகிறது. பெண்ணுக்கு 730இலிருந்து 230 கழித்து, 500இல் தொடங்கி அதே 15 ரூபாய் ஏறுகிறது. இரண்டும் இணைகோடுகள். கோடு தொடங்கும் எண்ணான வெட்டுத்துண்டு மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. இந்தச் சமன்பாடு சொல்வது: நேற்று வேலைக்கு வந்தவரானாலும் பதினான்கு வருடம் ஆனவரானாலும் பெண்ணுக்கு 230 ரூபாய் குறைவு.

அட்டவணையைப் பாருங்கள். இரண்டு வருட அனுபவத்தில் வித்தியாசம் 90தான். பதினான்கு வருடத்தில் 350. சமன்பாடு இரண்டு இடத்திலும் 230 என்று சாதிக்கிறது. அது பொய் சொல்லவில்லை. இணையான இரண்டு கோடுகளைத்தான் போட வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தியதால், இருப்பதில் நல்லதைத் தந்திருக்கிறது. ஆண்களின் உண்மையான ஏற்றத்துக்கும் பெண்களின் ஏற்றத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு 15 என்கிறது. அந்த 15 யாருடைய வாழ்க்கையும் இல்லை.

பத்துப் பேர் என்றால் கண்ணால் பார்த்துவிடலாம். பத்தாயிரம் பேர் என்றால்? எச்சங்களைப் பார்க்க வேண்டும், அதாவது உண்மைச் சம்பளத்திலிருந்து சமன்பாடு கணித்த சம்பளத்தைக் கழித்தால் மிஞ்சுவதை. நம் கணக்கில் இரண்டு வருட ஆணுக்கு −70, பதினான்கு வருட ஆணுக்கு +70. பெண்களுக்கு நேர் எதிர்: இரண்டு வருடத்தில் +70, பதினான்கில் −50. எச்சங்கள் கோட்டுக்கு மேலும் கீழும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மேல்நோக்கியும் இன்னொன்றுக்குக் கீழ்நோக்கியும் சாய்ந்து கிடந்தால், இரண்டு குழுவுக்கும் ஒரே சாய்வை, அதாவது வருடத்துக்கு ஒரே ஏற்றத்தை, திணித்திருக்கிறோம் என்று பொருள்.

சரிசெய்ய, பெண் என்ற மாறியை அனுபவத்தோடு பெருக்கி அதையும் சமன்பாட்டில் சேர்க்கிறோம். ஆணுக்கு இந்தப் பெருக்கல் எப்போதும் 0. பெண்ணுக்கு அது அவருடைய அனுபவமேதான். ஆர் மென்பொருளில் ஒரு வரி போதும்:

```
lm(wage ~ exper * female, data = d)
```

விடை:

```
சம்பளம் = 650 + 25×அனுபவம் − 70×பெண் − 20×(பெண்×அனுபவம்)
```

இப்போது நான்கு எண்களுக்கும் தனித்தனி வேலை. 650 என்பது ஆண்கள் கோட்டின் தொடக்கம், 25 அவர்களின் சாய்வு. −70 என்பது பெண்களின் தொடக்கம் எவ்வளவு கீழே என்பது. ஆகவே அவர்கள் கோடு 580இல் தொடங்குகிறது. −20 என்பது சாய்வில் உள்ள வித்தியாசம். ஆகவே பெண்ணுக்கு வருடத்துக்கு 5 ரூபாய்தான் ஏறுகிறது. கரணை கைக்கு வராத கதை இந்த −20க்குள் உட்கார்ந்திருக்கிறது.

தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். இரண்டு சமன்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட அட்டவணையில் ‘பெண்’ என்ற வரிசையில் முதலில் −230, அடுத்து −70 என்று இருக்கும். ‘அனுபவத்தின் விளைவைச் சரியாகக் கணக்கில் எடுத்ததும் பாலின இடைவெளி 70 ரூபாயாகச் சுருங்கிவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள். முழுத் தவறு. இடைவெளி சுருங்கவே இல்லை. பெருக்கல் மாறி உள்ளே வந்ததும் ‘பெண்’ என்ற கெழுவின் பொருளே மாறிவிட்டது. அனுபவம் 0 என்ற இடத்தில் மட்டும் உள்ள இடைவெளியை அது இப்போது சொல்கிறது. மற்ற இடங்களில் இடைவெளி −70 − 20×அனுபவம். எட்டு வருடத்தில் −230, பதினான்கில் −350.

அதோடு, நம் பட்டியலில் அனுபவம் 0 உள்ளவர் ஒருவர்கூட இல்லை. மிகக் குறைந்தது இரண்டு வருடம். அந்த −70 என்பது ஆளே இல்லாத இடத்துக்குக் கோட்டை நீட்டிப் பெற்ற எண். அந்த எண் எவ்வளவு தடுமாறக்கூடும் என்று காட்டும் திட்டப்பிழை சுமார் 20 ரூபாய். இன்னும் சிதறலான தரவில், வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு மென்பொருள் போடும் நட்சத்திரக் குறியே இதே எண்ணுக்கு விழாமல் போகலாம். உடனே ‘பாலின வித்தியாசம் இல்லை’ என்ற முடிவுக்குத் தாவ ஆள் இருக்கும்.

இதற்கு எளிய மாற்று: அனுபவத்திலிருந்து அதன் சராசரியைக் கழித்துவிட்டுச் சமன்பாட்டைப் போடுவது. நம் பட்டியலில் சராசரி 8. அப்படிப் போட்டால் வெட்டுத்துண்டு 850, பெண் கெழு −230, சாய்வு 25, சாய்வு வித்தியாசம் −20 என்று வரும். கோடுகள் இம்மி நகரவில்லை. இடைவெளியை அளக்கும் இடத்தைத்தான் எட்டு வருட அனுபவத்துக்கு மாற்றியிருக்கிறோம். அங்கே ஆட்கள் இருப்பதால் திட்டப்பிழை ஏறத்தாழ 9.5 ஆகக் குறைகிறது. −20இன் மதிப்பும் அதன் திட்டப்பிழையும் (சுமார் 2.2) எங்கிருந்து அளந்தாலும் மாறாது. சாய்வு வித்தியாசம் உண்டா என்ற கேள்விக்கு அந்தக் கெழுதான் சாட்சி.

ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0 என்று மாற்றிப் போட்டாலும் இதே கதைதான். தொடக்கம் 580, சாய்வு 5, ஆணுக்கு +70, +20. குறி திரும்பும், கோடு திரும்பாது. ஆண் ஒரு டம்மி, பெண் ஒரு டம்மி என்று இரண்டையும் வெட்டுத்துண்டோடு சேர்த்துப் போடுவதுதான் முடியாது. ஒவ்வொருவருக்கும் இரண்டின் கூட்டல் எப்போதும் 1. வெட்டுத்துண்டு ஏற்கெனவே எல்லோருக்கும் 1 கொடுத்திருக்கிறது. எது யாருடைய பங்கு என்று பிரிக்க வழியில்லை. ஆர் அப்போது ஒரு கெழுவுக்கு நேரே `NA` என்று போட்டுவிடும்.

இடத்துக்கும் இதே விதிதான். குமரி மாவட்டத்தில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் என்று ஆறு தாலுகாக்கள். ஐந்து டம்மி போட வேண்டும். விட்டுப்போன தாலுகா அடிப்படை. ஒரே மாறியில் 1 முதல் 6 வரை எண் கொடுத்தால், தோவாளையிலிருந்து கல்குளத்துக்கும் திருவட்டாரிலிருந்து கிள்ளியூருக்கும் சம்பளம் ஒரே அளவு ஏறுகிறது என்று சமன்பாடு நம்பிவிடும்.

தாலுகாவைவிடச் சுவாரசியமான எல்லை, கேரளத்தை ஒட்டிய களியக்காவிளை. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரங்களில் கட்டடத் தொழிலாளர் தினக்கூலி தமிழ்நாட்டைவிடக் கேரளத்தில் அதிகமாகவே இருந்து வருகிறது. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு 1, உள்ளூரில் செய்பவருக்கு 0 என்று ஒரு டம்மி போட்டு, சாய்வு மாறாமல் வெட்டுத்துண்டு மட்டும் 150 ஏறியதாக வைத்துக்கொள்வோம். கையாளுக்கும் கொத்தனாருக்கும் ஒரே 150 கிடைக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் அந்த 150ஐக் கேரளம் தரும் கூடுதல் என்று முழுதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விடியற்காலையில் பஸ் ஏறிப் போகிறவர் யார்? தெம்பும் தொழிலும் உள்ளவர், அங்கே ஒப்பந்தக்காரரைத் தெரிந்தவர். அவர் உள்ளூரில் நின்றாலும் சிலரைவிடக் கூடுதலாகவே வாங்கியிருப்பார். டம்மி இரண்டு குழுக்களை ஒப்பிடும். ஒரே ஆளை இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்க்காது.

பாலின டம்மியில் இதன் மறுபக்கம் வரும். ‘ஒரே வேலை செய்பவர்களை அல்லவா ஒப்பிட வேண்டும்’ என்று கேட்டு, கொத்தனார் என்றால் 1 என இன்னொரு டம்மியைச் சேர்ப்பார்கள். கேள்வி நியாயமானது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும் ஒரே வேலை அல்லது ஒத்த வேலைக்குத்தான் சம சம்பளம் கேட்டது. சேர்த்ததும் பெண் கெழுவும் சாய்வு வித்தியாசமும் வெகுவாகக் குறையக்கூடும். அப்போது கிடைப்பது கையாளுக்குக் கையாள் உள்ள இடைவெளி. ஆனால் பெண் கொத்தனார் ஆகாததுதான் இடைவெளி விரியக் காரணம் என்றால், கொத்தனார் டம்மி அந்தக் காரணத்தையே எடுத்து விழுங்கிவிடுகிறது. கையாள் கூலியில் பாரபட்சம் உண்டா என்று கேட்கிறவர் அந்த டம்மியைச் சேர்க்கட்டும். பதினான்கு வருடம் வேலை செய்த பெண் ஏன் 660 ரூபாயில் நிற்கிறார் என்று கேட்கிறவர் அதை வெளியே வைத்துவிட்டு −20ஐப் பார்க்க வேண்டும்.