கண்ணாடியில ஒட்டின 'என்னால் முடியும்' சீட்டும், திருத்தின கணக்குப் பேப்பரும்

கவுன்சிலிங்குக்கு வர்ற பெற்றோர்ல பாதிப் பேர் க்ரோத் மைண்ட்செட்னா பாசிட்டிவா நினைக்கிறதுன்னுதான் புரிஞ்சு வச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. இதைத் திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருக்கேன், ஏன்னா இந்தக் குழப்பத்தால அடிபடறது பிள்ளைங்கதான்.

பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன், கணக்குல நூத்துக்கு 31. அவங்க அம்மா அவன் கண்ணாடியில 'என்னால் முடியும்'னு சீட்டு எழுதி ஒட்டி, தினமும் காலைல பத்து தடவை சொல்ல வச்சிருக்காங்க, அவனும் ரெண்டு மாசம் சொல்லியிருக்கான், அடுத்த பரீட்சையிலயும் கிட்டத்தட்ட அதே மார்க். என்கிட்ட வந்து உக்காந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "நான் மனசார நம்பித்தான் சொன்னேன் மேடம், அப்பவும் வரலன்னா எனக்கு மூளையே இல்லன்னுதானே அர்த்தம்?"

பாசிட்டிவ் திங்கிங்கோட சிக்கலே இதுதான். 'நல்லா வரும்'னு முடிவைப் பத்தி மட்டும் பேசும். அந்த முடிவு வரலன்னா கைல ஒண்ணும் மிஞ்சாது, பழி எல்லாம் நம்ம மேலயே வந்து விழும். க்ரோத் மைண்ட்செட் முடிவைப் பத்தி எந்த வாக்கும் கொடுக்கறதில்ல. திறமைங்கறது பிறக்கும்போதே அளந்து வச்சது இல்ல, சரியான முறை, பயிற்சி, மத்தவங்க உதவி இதெல்லாம் இருந்தா வளரக்கூடியதுன்னு நம்பறது, அவ்வளவுதான். அதனால தப்பு வந்தா 'நான் யாரு'ங்கற கேள்வி எழாது, 'எங்க தப்பாச்சு'ங்கற கேள்விதான் எழும்.

உளவியல் ஆய்வாளர்கள் கரோல் ட்வெக்கும் க்ளாடியா ம்யூலரும் 1998-ல வெளியிட்ட ஆய்வு இதுக்கு நல்ல உதாரணம். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் புதிர் கொடுத்து, முடிச்சதும் சிலர்கிட்ட 'நீ புத்திசாலி'ன்னும் சிலர்கிட்ட 'நல்லா உழைச்சிருக்க'ன்னும் சொன்னாங்க. அப்புறம் வேணும்னே கஷ்டமான புதிர் கொடுத்துத் திணற விட்டு, கடைசியா முதல்ல கொடுத்த அளவுக்கே ஈசியான புதிர் கொடுத்தாங்க. புத்திசாலின்னு பாராட்டு வாங்கினவங்க முதல் தடவை போட்டதைவிடக் குறைவா போட்டாங்க, உழைப்புக்குப் பாராட்டு வாங்கினவங்க கூடுதலா போட்டாங்க. கவனிங்க, 'நீ புத்திசாலி'யும் பாசிட்டிவான வார்த்தைதான்!

சரி, அந்தப் பையன் கதைக்கு வர்றேன். சீட்டைக் கிழிக்கச் சொல்லல, திருத்தின பேப்பரைக் கொண்டு வரச் சொன்னேன். போன 69 மார்க்கும் எங்க போச்சுன்னு ரெண்டு பேரும் உக்காந்து பிரிச்சோம். நேரம் பத்தாம விட்டது 20, முறை தெரிஞ்சும் ப்ளஸ் மைனஸ் மாத்திப் போட்டது 17, ஜியாமெட்ரியில சுத்தமா புரியாதது 32. அவன் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பாத்துட்டு இருந்தான். 'கணக்கு வராது'ங்கற ஒரே பெரிய பாறை மூணு துண்டா உடைஞ்சிடுச்சு, அதுல ஒரு துண்டை அவனாலயே தூக்க முடியும்.

அந்த 17-ஐத்தான் முதல்ல எடுத்தோம். அவன் ரெண்டு மூணு ஸ்டெப்பை மனசுலயே போட்டுட்டு ஒரே வரில எழுதுவான், மைனஸ் தொலையறது அங்கதான். ஒரு வரிக்கு ஒரு ஸ்டெப், ஒரு டெர்ம் சமக்குறிக்கு அந்தப் பக்கம் போறப்பல்லாம் குறியை வட்டம் போடணும், தினமும் இருபது நிமிஷம், இவ்வளவுதான். ஒரு மாசம் கழிச்சு 46. குறித் தப்புல போனது 5-ஆ குறைஞ்சிருந்தது, நேரம் பத்தாம விட்டது 18. ஆனா ஜியாமெட்ரியில 31 போச்சு, ஏறக்குறைய அப்படியே!

இங்கதான் பல பேர் தப்பு பண்றாங்க. ஜியாமெட்ரிக்கும் 'இன்னும் கஷ்டப்பட்டுப் படி, முயற்சிதான் முக்கியம்'னு சொல்லிட்டா அதுவும் வெறும் சீட்டு ஒட்டற வேலைதான். தெரியாத விஷயத்தை எத்தனை மணி நேரம் உத்துப் பாத்தாலும் தெரியப் போறதில்ல. பிள்ளை 'முயற்சி பண்ணேன்'னு சொன்னா, எந்த முறையில பண்ண, எங்க நின்னுச்சு, அடுத்து என்ன மாத்தப் போறன்னு கேளுங்க. பதில் வரலன்னா அவனுக்கு வேணும்கறது சொல்லிக் கொடுக்க ஒரு ஆள்.

க்ரோத் மைண்ட்செட்டுக்கும் எல்லை இருக்கு, மறைக்கக் கூடாது. 2019-ல வந்த பெரிய அமெரிக்க ஆய்வுல, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவா இதைப் பத்திப் பாடம் நடத்தினதுல, மார்க் குறைவா வாங்கறவங்களோட சராசரி, மொத்தம் நாலு புள்ளிக்குப் போடறதுல, 0.1 புள்ளி அளவுதான் ஏறுச்சு. அதுவும் கஷ்டமானதைத் துணிஞ்சு எடுக்கற பழக்கம் கூடப் படிக்கறவங்ககிட்டயும் இருந்த பள்ளிகள்லதான் நல்லா எடுபட்டுச்சு. மனசு மாறறது வாசல் திறக்கற மாதிரி, உள்ள போய் உக்காந்து கத்துக்கறது தனி வேலை.

பையனோட ஜியாமெட்ரிக்கு அவங்க டீச்சர்கிட்ட பேசினோம். முக்கோண சர்வசமமே அவனுக்குப் புரியலைங்கறது அப்பத்தான் தெரிஞ்சுது, ரெண்டு வருஷம் முன்னாடி நடத்தின பாடம். இப்போ வாரத்துல ரெண்டு நாள் அங்கிருந்து ஆரம்பிச்சுப் படிக்கறான். கண்ணாடியில சீட்டு இன்னும் இருக்காம், பக்கத்துல அந்த மூணு நம்பர் எழுதின தாளையும் ஒட்டியிருக்கான்.