25 தாண்டினால் மட்டும் போதாது: வீட்டுத் தளத்தின் கியூப் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு எம்25 கிரேடில் தளம் போட்டார்கள். சுமார் 1,030 சதுர அடி, 125 மி.மீ. கனம், ஆக 12 கன மீட்டர் காங்கிரீட். அந்தக் கலவையில் வார்த்த சோதனைக் கட்டிகளான கியூப்களை உடைத்துப் பார்த்து, 28 நாள் கழித்து லேப் ரிப்போர்ட் வந்தது. வீட்டுக்கார ஆச்சி தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இருபத்தஞ்சு கேட்டோம், இருபத்தாறும் முப்பதும் வந்திருக்கே தம்பி, அப்புறம் என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தளம் தேறவில்லை.

எம்25 என்றால் 28 நாளில் ஒரு சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். கலவை எல்லா நேரமும் ஒரே மாதிரி வராது. சோதனை முடிவுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 25-க்குக் கீழே போகக்கூடாது. அதனால் டிசைன் செய்யும்போதே குறியை உயர்த்தி வைக்கிறோம்: 25 + 1.65 × 4 = 31.6. இந்த 4, கலவை டிசைனுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10262 எம்25-க்கு எடுத்துக்கொள்ளச் சொல்லும் திட்டவிலக்கம், அதாவது முடிவுகள் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதன் அளவு.

அடுத்தது தண்ணீர். 20 மி.மீ. ஜல்லிக்கு, கலவையின் இளக்கத்தைச் சொல்லும் ஸ்லம்ப் 50 மி.மீ. வர ஒரு கன மீட்டருக்கு 186 லிட்டர். ஸ்லம்ப் 100 வேண்டுமென்றால் 6 சதவீதம் கூட்டி 197. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.50 என்றால் சிமெண்ட் 394 கிலோ. மீதி இடத்தை மணலும் ஜல்லியும் நிரப்புகின்றன. இந்தத் தளத்துக்கு வந்த டிசைனை ஒரு மூட்டைக் கணக்கில் சொன்னால் 50 கிலோ சிமெண்ட், 85 கிலோ எம்-சாண்ட், 142 கிலோ ஜல்லி, 25 லிட்டர் தண்ணீர்.

பிரச்சினை அந்த 25 லிட்டரில்தான். டிசைன் தாள், மணலின் மேற்பரப்பில் ஈரமே இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதப்படுகிறது. ஐப்பசி மழையில் நனைந்த குவியல் அப்படி இருக்காது. சோதிப்பது எளிது: 500 கிராம் மணலைச் சட்டியில் போட்டு நன்றாகக் காயும்வரை வறுத்து நிறுங்கள். 467 கிராம் வந்தால் போன தண்ணீர் 33 கிராம், அதாவது 7 சதவீதம். மணல் தனக்குள் உறிஞ்சி வைத்திருப்பது 2 சதவீதம் என்று லேப் தாளில் இருந்தால், கலவைக்குள் வந்து சேரும் ஈரம் 5 சதவீதம். அப்போது மணலை 89 கிலோவாகக் கூட்டி, தண்ணீரை 21 லிட்டராகக் குறைக்க வேண்டும். குறைக்காமல் விட்டால் 85 கிலோ மணலோடு 4 லிட்டர் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். மொத்தம் 29 லிட்டர், விகிதம் 0.58 ஆகிவிடும். பெட்டியில் அளந்து போடும் இடத்தில் இன்னும் மோசம்: ஈர மணல் உப்பிக்கொள்வதால் பெட்டி நிறைந்தாலும் மணல் குறைவாகவே விழும்.

இங்கே நடந்தது அதுதான். முதல் நாள் இரவு மழை. குவியலின் ஒரு பக்கத்தைத் தார்ப்பாய் மூடியிருந்தது. காலையில் அந்தப் பக்க மணல், மதியம் மூடாத பக்கம். காலை ஸ்லம்ப் 100. 75-லிருந்து 125 வரை ஏற்கலாம். மதியம் கலவை கூழாக ஓடியிருக்கிறது, வேலை சுளுவாகப் போகிறதே என்று யாரும் கூம்பை எடுத்து ஸ்லம்ப் பார்க்கவில்லை.

6 முதல் 15 கன மீட்டர் வரை இரண்டு சாம்பிள் எடுக்க வேண்டும். ஒரு சாம்பிளுக்கு மூன்று கியூப். 150 மி.மீ. கியூபின் முகப்பு 22,500 சதுர மி.மீ. காலைக் கியூப்கள் 695, 720, 660 கிலோநியூட்டனில் உடைந்தன: 30.9, 32.0, 29.3, சராசரி 30.7. மதியத்தவை 575, 610, 590: சராசரி 26.3. மூன்றில் எதுவும் தன் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை. அதனால் சோதனையைக் குறை சொல்ல முடியாது.

இனி ஏற்பு விதி. பெரிய வேலையில் தொடர்ந்த நான்கு சாம்பிள்களின் சராசரியைப் பார்ப்போம். நம் ஊர் வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் 30 கன மீட்டருக்குள் அடங்கும். நான்கு சாம்பிள் சேராது. அதற்கென்றே காங்கிரீட் வேலைக்கான தர விதி ஐ.எஸ். 456-க்கு வந்த திருத்தத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை: எல்லாச் சாம்பிள்களின் சராசரி கிரேடை விடக் குறைந்தது 4 கூட இருக்க வேண்டும், தனிச் சாம்பிள் கிரேடை விட 2-க்கு மேல் குறையக்கூடாது. எம்25-க்குச் சராசரி 29, தனிச் சாம்பிள் 23. ஒரே சாம்பிள்தான் என்றால் அதுவே 29 தொட வேண்டும்.

ஆச்சி வீட்டில் 30.7-ம் 26.3-ம் சேர்ந்து சராசரி 28.5. அரை நியூட்டனில் தோற்றது. ஒப்பந்தக்காரர் 7-ஆம் நாள் முடிவைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்தார். அது போக்கைக் காட்டும், தீர்ப்பு 28-ஆம் நாளுக்குத்தான்.

உடனே இடிக்க வேண்டியதில்லை. மதியம் போட்ட பகுதியில், கம்பி படாத இடமாகப் பார்த்துத் துளைத்து மூன்று கோர், அதாவது உருளைத் துண்டுகள், எடுக்கச் சொன்னேன். கோரின் வலிமையைக் கியூபுக்குச் சமமாக மாற்றினால் சராசரி கிரேடில் 85 சதவீதம், அதாவது 21.25 வேண்டும், எந்தக் கோரும் 75 சதவீதமான 18.75-க்குக் கீழே போகக்கூடாது. வந்தவை 24.1, 22.6, 23.4. தளம் தப்பியது. ஆச்சி கோர் செலவை ஒப்பந்தக்காரர் பில்லில் கழித்துக்கொண்டார்.