படத்தில் இருப்பது கீறலா, பாளவெடிப்பா?

அயல்வீட்டு ஐயாவிடம் திருகோணமலைத் துறைமுகத்தைக் காட்டும் பழைய எண்ணெய் ஓவியம் ஒன்று இருக்கிறது. அதற்கு வந்த மதிப்பீட்டுக் கடிதத்தின் தமிழாக்கத்தில் "படம் முழுவதும் கீறல்கள்" என்றிருந்தது. மனுசன் பயந்து, அதைப் பூசி மறைக்க ஆள் தேடத் தொடங்கிவிட்டார்.

மூலச்சொல் 'கிராக்கலூர்', ஓவியத்தின் சாயப்பரப்பு வெடிப்பதைக் குறிப்பது. பிரெஞ்சு. உடையும் ஓசையிலிருந்து வந்தது. அவ்வளவுதான்.

கீறல் என்றால் ஆணியோ நகமோ வெளியிலிருந்து இழுத்த கோடு. அதைவிட, எங்கள் ஊரில் படம் 'கீறுவது' என்றாலே வரைவதுதான். அப்படியென்றால் படம் முழுவதும் கீறல் என்பது குற்றமா, பாராட்டா? அகராதியில் முதலில் கண்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். படத்தை ஒருமுறை பார்த்தால் குறைந்தா போய்விடும்? 'விரிசல்' பரவாயில்லை, ஆனால் அது ஒற்றைக்கோடு. இது வலை. கந்தளாய்க் குளம் வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடிக்குமே, அதுபோல. ஆகவே பாளவெடிப்பு என்கிறேன்.

சேற்று உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அடிப்பூச்சு காயும் முன் மேலே பூசினால் உண்டாகும் வெடிப்புத்தான் அப்படியே சேறு மாதிரி அகலமாக, ஓரம் மழுங்கி இருக்கும். அது புதுப் படத்திலும் வரும். வயதால் வருவது மெல்லியது, ஓரம் கூரானது, சாயத்தோடு அடிப்பூச்சையும் பிளப்பது. ஈரப்பதம் ஏறி இறங்க, துணியும் இறுகித் தளர்கிறது. முதிர்ந்து விறைத்த சாயத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. பின்னாலுள்ள மரச்சட்டம் துணியைக் காக்கும் இடத்தில் அசைவு குறைவு. அதனால் சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி நேர்கோடாகவும், மூலைகளில் வளைவாகவும் வெடிக்கும்.

ஐயாவின் படத்தில் அந்த நேர்கோடும் வளைவும் இருந்தன. துணியின் இழைகளும் கையால் நெய்த பழைய துணிபோலத் தடிப்பும் மெலிவுமாக இருந்தன. ஆனாலும் வெடிப்பை மட்டும் வைத்து ஆண்டு சொல்லக்கூடாது. கடற்காற்று அதை விரைவாக்கும். போலி செய்பவரும் வெடிக்க வைப்பார். டச்சுக்காரர் ஹான் வான் மேகரன் 1930களில் பழைய துணியில் வரைந்து, அடுப்பில் சுட்டு, உருளையில் சுற்றி வெடிக்க வைத்து, இடுக்குகளில் மையும் பூசினார்.

சரி என்று இரவில் புறஊதா விளக்கைப் பிடித்தோம். பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. இடது கீழ்மூலையில் மட்டும் உள்ளங்கை அளவில் கறுத்த திட்டு. பிற்காலத்தில் மேலே பூசிய சாயம் அப்படித்தான் தெரியும். வெடிப்புகளும் அந்த இடத்துக்கு வந்து மறைந்துபோயின.

"அப்ப இதைக் கீறினது ஆர்?" என்று கேட்டார் ஐயா. கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில்தான் அந்தத் திட்டு.