நூறு போர்வெல், ஒரே சராசரி, இரண்டு கோடுகள்

தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்க ஏற்றது என்றும், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை சொல்கிறது.

கணக்குக்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். ஓர் ஒன்றியத்தில் 100 போர்வெல்களில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறார்கள். சராசரி 1.4 மில்லிகிராம், திட்ட விலக்கம் 0.6. இதை வரைபடமாகப் போடும்போது சராசரியின் மேலும் கீழும் ஒரு பிழைக்கோடு இழுப்பது வழக்கம். அந்தக் கோடு திட்ட விலக்கமாக இருந்தால் 0.8-இலிருந்து 2.0 வரை நீளும். திட்டப்பிழையாக இருந்தால் 1.34-இலிருந்து 1.46-க்குள் அடங்கிவிடும். இரண்டாவது படத்தைப் பார்ப்பவர், கோட்டின் உச்சிகூட 1.5-ஐத் தொடவில்லை, ஒன்றியம் முழுக்கத் தண்ணீர் பரவாயில்லை என்று நினைத்துவிடுவார். ஆனால் அளவுகள் மணி வடிவில் பரவியிருப்பதாகக் கொண்டால், அதே 100 கிணறுகளில் ஏறக்குறைய 43 கிணறுகள் 1.5-ஐத் தாண்டியிருக்கும்!

இரண்டு கோடுகளும் சரியாகவே கணக்கிடப்பட்டவை. அவை பதில் சொல்லும் கேள்விகள்தான் வேறு.

திட்ட விலக்கம் கிணறுகளைப் பற்றியது. ஒரு கிணற்றுக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அது காட்டும். இங்கே அது அளவீட்டுப் பிழை அல்ல, நிலத்தின் இயல்பு. கடினப் பாறைப் பகுதியில் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் தங்குகிறது. எந்த வெடிப்பில், எந்தத் தாதுவோடு, எத்தனை காலம் கிடந்தது என்பதைப் பொறுத்து ஃபுளோரைடு கரைகிறது. அதனால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில்கூட அளவு மாறலாம். 400 கிணறுகளைச் சோதித்தாலும் இந்த 0.6 பெரிதாக மாறாது.

திட்டப்பிழை சராசரியைப் பற்றியது. இந்த 100-க்குப் பதில் வேறு 100 கிணறுகளைத் தேர்ந்திருந்தால் சராசரி எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதற்கான மதிப்பீடு அது. சராசரி எடுக்கும்போது உயர்ந்த அளவுகளும் தாழ்ந்த அளவுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், கிணறுகள் கூடக்கூடச் சராசரியின் ஆட்டம் குறையும். குறைவது வர்க்கமூலக் கணக்கில்: 0.6-ஐ 100-இன் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்தால் 0.06. அதைப் பாதியாக்க 400 கிணறுகள் வேண்டும். ஆனால் அப்படிக் கோடு குறுகுவதால் ஒரு கிணற்றுத் தண்ணீரும் நல்ல தண்ணீராகிவிடாது.

அதற்காகத் திட்டப்பிழையே வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது. இன்னொரு ஒன்றியத்திலும் 100 கிணறுகள், அதே விலக்கம், சராசரி மட்டும் 1.7 என்று வைப்போம். திட்ட விலக்கக் கோடுகள் 0.8–2.0, 1.1–2.3 என்று பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று விழும். அதைப் பார்த்து இரண்டு ஒன்றியங்களுக்கும் வேறுபாடில்லை என்று முடிவு கட்டினால் தவறு. வேறுபாடு 0.3. அந்த வேறுபாட்டின் திட்டப்பிழை சுமார் 0.085. மூன்றரை மடங்கு இடைவெளி தற்செயலாக வருவது அரிது. சராசரிகளை ஒப்பிடத் திட்டப்பிழையே சரியான கருவி. ஒரு வீட்டுக்காரர் தன் போர் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டால், அவருக்கு எவ்வளவு பரவல் இருக்கிறது என்று காட்டுவது திட்ட விலக்கம். அவருடைய கிணற்றுக்கான பதில் அதைத் தனியே சோதித்தால்தான் கிடைக்கும்.

குறிப்பில் எந்தக் கோடு என்று எழுதாத படங்கள் நிறைய வருகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம். கோடு எதுவென்றும் மாதிரி எத்தனை என்றும் எழுத ஒரு வரி போதும். திட்டப்பிழை என்று எழுதி மாதிரி எண்ணிக்கையும் கொடுத்திருந்தால், கோட்டின் அரைநீளத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கி விலக்கத்தை நாமே மீட்டுவிடலாம்: 0.06 × 10 = 0.6.

எண்ணிக்கை என்பது கிணறுகளின் எண்ணிக்கை. ஐந்தே கிணறுகளில் தலா 20 முறை தண்ணீர் எடுத்துவிட்டு 100 என்று போட்டால் கோடு ஏமாற்றும் அளவுக்குக் குறுகிவிடும். ஒன்றியத்தைப் பற்றிச் சொல்ல அங்கே இருப்பது ஐந்து சாட்சிகள்தான்.

எக்செல்லில் வரைபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்றியங்களின் சராசரிகளை மட்டும் வரைந்துவிட்டு, பிழைக்கோட்டுப் பட்டியலில் Standard Error என்பதைத் தேர்ந்தால், அது படத்திலுள்ள சராசரிகளை வைத்தே கணக்கிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே நீளக் கோட்டைப் போடும். கிணற்று அளவுகள் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் தனியாகக் கணக்கிட்டு, Custom வழியாகக் கொடுக்க வேண்டும்:

```
=STDEV.S(B2:B101)/SQRT(COUNT(B2:B101))
```

ஃபுளோரைடு அளவுகள் பல இடங்களில் மேல்பக்கம் வால் நீண்டவை: பெரும்பாலான கிணறுகள் தாழ்வாகவும், சில மட்டும் மிக உயரமாகவும் இருக்கும். அங்கே இருபுறமும் சமமாக நீளும் திட்ட விலக்கக் கோடு பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போய்விடலாம். அப்படிப்பட்ட தரவுக்கு 100 கிணறுகளையும் 100 புள்ளிகளாக வைத்து, 1.5-இல் ஒரு குறுக்குக்கோடு போட்டுக் காட்டுவதே நேர்மையான படம்.