கோயிலுக்குள் வீடியோ எடுக்க அனுமதிக் கடிதம்: யாருக்கு, எப்படி எழுதுவது?

தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றின் பிரகாரத் தூண்களைப் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குருக்களிடம் கேட்டாயிற்று, அவரும் "தாராளமா எடுங்க" என்று சொல்லிவிட்டார். அது போதாது. பூஜை அவர் கையில் இருந்தாலும், இடத்துக்கு அனுமதி தருவது அவர் வேலையல்ல. நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும்.

நிர்வாகம் யார் என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலான பொதுக்கோயில்கள் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருகின்றன. வாசலிலோ அலுவலகத்திலோ உள்ள பலகையில் துறையின் பெயரும் அதிகாரியின் பதவியும் இருக்கும். அந்தப் பதவியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பல கோயில்களில் அது 'செயல் அலுவலர்'. வருமானம் அதிகமுள்ள பெரிய கோயில்களில் 'இணை ஆணையர் / செயல் அலுவலர்' அல்லது 'உதவி ஆணையர் / செயல் அலுவலர்' என்று இருக்கும். சிறிய கோயில்களில் ஒரே செயல் அலுவலர் பல கோயில்களைப் பார்ப்பார், அதனால் அவர் எந்தக் கிழமை வருவார் என்று எழுத்தரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. துறையின் கீழ் வராத தனியார் கோயிலானால் கடிதம் அறங்காவலருக்கு.

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போன்ற இடங்களில் இன்னொரு படி உண்டு. அவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். அங்கே படம்பிடிக்க அந்தத் துறையின் உரிமம் தனியாக வேண்டும், கோயில் அலுவலகம் சம்மதித்தாலும் அது மாறாது.

அப்புறம் கைபேசி. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. வாசலில் நிற்கும் காவலருக்குத் தெரிந்தது அந்தத் தடைதான். உங்கள் கடிதத்தில் 'வீடியோ எடுக்க அனுமதி' என்று மட்டும் இருந்து, நீங்கள் எடுப்பதோ கைபேசியில் என்றால், கையில் அனுமதி இருந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். எந்தக் கருவி, எத்தனை என்று எழுதுங்கள். வாசலில் கேமரா சீட்டு விற்கும் கோயிலாக இருந்தாலும், அது பக்தர் படம் எடுத்துக்கொள்வதற்கானது. முக்காலி வைத்து, ஒருவரைப் பேசவைத்து எடுப்பதற்கு அந்தச் சீட்டை நம்ப வேண்டாம்.

'படப்பிடிப்பு' என்ற சொல்லை வெறுமனே போடாதீர்கள் என்பேன். அலுவலகத்தில் அது சினிமாவாகப் படிக்கப்படும், சினிமா என்றால் கோப்பு மேலிடத்துக்குப் போகும். 'இருவர், ஒரு கேமரா, ஆவணப்படம்' என்று அளவைச் சொல்லிவிட்டால், படிப்பவருக்கு எதைத் தீர்மானிக்கிறோம் என்பது புரியும். அதற்காக உண்மையை மறைக்கவும் கூடாது. யூடியூபில் போட்டு விளம்பர வருமானம் வரும் என்றால் அதையும் எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால், தந்த அனுமதியின் மேலேயே கேள்வி வரும்.

நம் உதாரணத்துக்குக் கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: பெயர், முகவரி, கைபேசி எண்
பெறுநர்: செயல் அலுவலர் அவர்கள், அருள்மிகு … திருக்கோயில், ஊர்
நாள்:

பொருள்: திருக்கோயில் வெளிப்பிரகாரத் தூண் சிற்பங்களை ஆவணப்படத்துக்காக வீடியோ எடுக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,
வணக்கம். நான் … கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவி. பாடத்திட்டத்தின் பகுதியாகத் தங்கள் திருக்கோயில் வெளிப்பிரகாரத்தின் தென்புறத் தூண் சிற்பங்களைப் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்க விரும்புகிறேன். … தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் 4 மணி முதல் 6 மணி வரை அனுமதி வேண்டுகிறேன். அன்று இயலாவிடில் தாங்கள் குறிப்பிடும் வேறு நாளில் வருகிறேன். என்னுடன் ஒருவர் வருவார். ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஒலிப்பதிவுக்காக ஒரு கைபேசி கொண்டுவருவோம். மின்விளக்கு, டிரோன் பயன்படுத்த மாட்டோம். கருவறை, அர்த்த மண்டபம், மூலவர், பூஜைகள் ஆகியவற்றை எடுக்க மாட்டோம். பக்தர்களின் முகத்தை அவர்கள் சம்மதமின்றி அருகில் எடுக்க மாட்டோம். படம் கல்லூரியில் திரையிடப்படும், வணிக நோக்கம் இல்லை. கட்டணம் இருப்பின் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்கிறேன்.
இணைப்பு: கல்லூரிப் பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை நகல்.

மின்விளக்கு பற்றிய வரி சம்பிரதாயத்துக்கு அல்ல. 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகளில் தீப்பிடித்து, மண்டபமே பெரும் சேதம் அடைந்தது. அதன் பிறகு கல்மண்டபத்துக்குள் வயர் இழுப்பது என்றாலே அலுவலகம் யோசிக்கும். விளக்கு கட்டாயம் வேண்டுமென்றால், பேட்டரியில் எரிவதா, எத்தனை வாட் என்று எழுதுங்கள். டிரோனுக்கு 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் தனி, கோயில் அனுமதி அதற்கு ஈடாகாது.

தேதி குறிக்கும்முன் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பிரதோஷம், கிருத்திகை, திருவிழாக் கொடியேற்றம் என்று கூட்டம் சேரும் நாளைக் கேட்டால் மறுப்பு நிச்சயம்.

கடிதத்தை இரண்டு நகலாக எடுத்துப் போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிலில் 'ந.க. எண்' என்று ஓர் எண் இருக்கும். அடுத்து எது கேட்பதானாலும் அந்த எண்ணைச் சொன்னால்தான் கோப்பு கிடைக்கும். அனுமதி வந்ததும் நிபந்தனைகளைக் கவனமாகப் படியுங்கள்: இடம், நேரம், கட்டணம், உடனிருக்க வேண்டிய பணியாளர். 'வெளிப்பிரகாரம்' என்று இருந்தால் அதோடு சரி, நல்ல வெளிச்சம் விழுகிறதே என்று உள்ளே போகக் கூடாது. கட்டணம் அலுவலகக் கவுண்டரில் ரசீதோடு மட்டும்.

பதிலே வராவிட்டால், நேரில் ஒருமுறை கேட்டபின், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடலாம். உங்கள் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை, வீடியோவுக்கான கட்டண விதி நகல் என்ன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இது அனுமதியைப் பெற்றுத் தராது, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதைத்தான் காட்டும்.

கோயிலுக்கு வெளியே ஒரு கடைக்குள் வீடியோ எடுப்பதற்கு இவ்வளவு சுற்று இல்லை. கடை திறந்திருப்பது வாங்க வருபவருக்குத்தான், படம் எடுக்க வருபவருக்கு அல்ல. உரிமையாளர் வெளியே போகச் சொன்னால் போக வேண்டும். ஒரு பக்கக் கடிதத்தில் நாள், நேரம், எந்தப் பகுதி, எங்கே வெளியாகும் என்பதை எழுதி, கீழே 'சம்மதம்' என்று உரிமையாளரின் கையெழுத்து வாங்கினால் போதும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் உரிமையாளர்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயில் வளாகத்துக்குள் இருக்கும் பூக்கடை, வளையல் கடை என்றால் கதை வேறு. கடைக்காரர் கோயிலின் குத்தகைதாரர், அவர் சம்மதம் அவர் கடைக்குள்தான் செல்லும். அங்கே போகும் வழி, பின்னால் தெரியும் மண்டபம் எல்லாம் கோயிலுடையவை. அவரிடம் கையெழுத்து வாங்கி, அந்த நகலைச் செயல் அலுவலருக்கான கடிதத்தோடு இணைப்பாக வைத்துக் கொடுங்கள்.