"ந" விழுந்தால் கொச்சை ஆகிவிடாது, ஆனால் கடிதத்தில் விழக்கூடாது

இந்த வாரமும் ஒரு பிரெஞ்சு பி2 மாதிரித் தேர்வுத் தாளில் அதே கூத்து. தெருவிளக்கு எரியவில்லை என்று மேயருக்கு எழுதும் கடிதம். பதிலே வரவில்லை என்பதை "ஓன் ஆ பா ரசூ த ரெபோன்ஸ்" என்று எழுதி, அடுத்த வரியில் ஒரே எரிச்சலாக இருக்கிறது என்பதை "ஸே ரெலூ" என்று முடித்திருந்தார் ஒரு மாணவர். கேட்டால், "பிரெஞ்சுக்காரங்க இப்படித்தானே பேசறாங்க மேடம்?"

பேசுகிறார்கள்தான். ஆனால் அந்த இரண்டு வரிகளிலும் இருப்பது ஒரே தவறு இல்லை.

முதல் வரியில் எதிர்மறையைக் காட்டும் "ந" காணாமல் போயிருக்கிறது. இதைக் கொச்சை என்று நினைப்பவர்கள்தான் என்னை அதிகம் சோதிக்கிறார்கள். டாக்டர், பேராசிரியர், வங்கி அதிகாரி என்று யாராக இருந்தாலும் எனக்குத் தெரியாது என்பதை வீட்டில் "ஜ ந சே பா" என்று முழுதாகச் சொல்வது அபூர்வம். "ஷே பா" என்பார்கள். நாம் "வரவில்லை" என்று எழுதி "வரல" என்று சொல்வதைப் போலத்தான் இதுவும். படிப்புக்கும் மரியாதைக்கும் இதில் சம்பந்தமே கிடையாது. நாங்கள் என்று சொல்ல "நூ" வர வேண்டிய இடத்தில் "ஓன்" வருவதும் இப்படித்தான்.

இதில் காது வேறு ஏமாற்றும். "ஓன்" என்பதன் கடைசி ஒலி அடுத்த உயிரெழுத்தோடு ஒட்டிக்கொள்வதால், "ந" இருந்தாலும் இல்லாவிட்டாலும் "ஓன்னா பா" என்றுதான் கேட்கும். பிரெஞ்சுப் பிள்ளைகளே இதில் தடுமாறுவார்கள். எனவே காதை நம்பாதீர்கள். எழுதி முடித்ததும் "பா", "ஜாமே", "ரியேன்" போன்ற எதிர்மறைச் சொல் ஒவ்வொன்றின் மீதும் விரலை வைத்து, வினைச்சொல்லுக்கு முன்னால் "ந" இருக்கிறதா என்று பாருங்கள்.

"ரெலூ" விஷயம் வேறு. "லூர்" என்ற சொல்லைத் தலைகீழாக்கியது அது. இப்படிச் சொற்களைப் புரட்டிப் பேசும் வழக்குக்கு வெர்லான் என்று பெயர். "லூஷ்" என்பது "ஷெலூ" ஆனதும், பெண்ணைக் குறிக்கும் "ஃபாம்" என்பது "மெஃப்" ஆனதும் அப்படித்தான். வேலையைச் சொல்லும் "பூலோ", புத்தகத்தைச் சொல்லும் "பூக்கேன்" போன்ற சொற்கள் அன்றாடப் பேச்சில் எல்லோருக்கும் வரும். வெர்லான் அப்படி அல்ல. யார், யாரிடம், எந்த வயதில் சொல்கிறார்கள் என்பது அதில் முக்கியம். "மெஃப்" அகராதியில் இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். பக்கத்திலேயே அது பேச்சுவழக்கு என்ற குறிப்பும் இருக்கும். நண்பனின் அம்மாவை அப்படிக் குறிப்பிட்டுப் பாருங்கள், முகம் மாறும். நீங்களாகச் சொற்களைப் புரட்டிப் போட்டுப் புதிதாகச் செய்யவும் வேண்டாம். புழக்கத்தில் உள்ளவை மட்டுமே புரியும்.

அந்தக் கடிதத்தை இப்படித் திருத்தினேன்: "நூ நாவோன் ரசூ ஓக்யூன் ரெபோன்ஸ்". "ஸே ரெலூ" போய் "செத் சித்துவாஸியோன் ஏ பெனீப்ல்" வந்தது.

இதையே மனப்பாடம் செய்துகொண்டு காபிக் கடையில் நண்பர்களிடம் "நூ ந சவோன் பா" என்று அடுக்காதீர்கள். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அரசாங்க அறிவிப்பு வாசிப்பதுபோல் இருக்கும். அங்கே தாராளமாக "ஓன் சே பா" என்று சொல்லுங்கள். வெர்லானைக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், போதும். கூடப் பழகும் நண்பர்கள் உங்களிடம் அதைப் பேச ஆரம்பிக்கும் வரை வாயில் எடுக்காதீர்கள், தயவுசெய்து.