சொல் மறையும், படம் நிற்கும்: கவனச் சிதறல் உள்ள குழந்தைக்கு ஒரு காலை அட்டவணை

"பல் துலக்கிவிட்டுச் சீருடை போட்டுக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு வா" என்று சொன்னால், கவனச் சிதறல் உள்ள குழந்தை பல் துலக்கக் கிளம்பிவிடும். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால், பிரஷ் ஓரமாகக் கிடக்க, குழாய்த் தண்ணீரில் கையை வைத்து விளையாடிக்கொண்டிருக்கும். கேட்டால் "மறந்துவிட்டேன்" என்று சொல்லும். பெரியவர்களுக்கு அது சாக்காகத் தோன்றுகிறது. பெரும்பாலும் அது உண்மையாகவே மறந்ததுதான்.

கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் பிடித்துவைத்து, அதைக்கொண்டு அடுத்த வேலையைச் செய்யும் திறனைச் செயல்நினைவு என்பார்கள். ஏ.டி.எச்.டி. எனப்படும் இந்தக் கவனச் சிதறல் உள்ள குழந்தைகளில் பலருக்கு இது வலுவற்றதாக இருக்கிறது. மூன்று கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் முதலாவது மட்டும் நிற்கும். மற்ற இரண்டும் வழியிலேயே உதிர்ந்துவிடும். என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் குழந்தைக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நொடியில் செய்வதில்தான் சிக்கல் என்று உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறார். ஆகவே அறிவுரையால் பயன் குறைவு. வேலை நடக்கும் இடத்தில், வேலை நடக்கும் நேரத்தில், கண்ணுக்கு முன்னால் ஒரு நினைவூட்டல் இருக்க வேண்டும். வேலைக்கு ஓர் அட்டை என்று செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் படங்களில் காட்டும் பட அட்டவணை செய்வது இதைத்தான்.

காலை முதல் இரவு வரை முழு நாளையும் ஒரே தாளில் வரைந்து சமையலறையில் மாட்டுவது வழக்கமாக நடக்கிறது. அழகாக இருக்கும், வேலை செய்யாது. நாளில் அதிகம் தடுமாறும் ஒரு பகுதியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான வீடுகளில் அது பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரம்.

அட்டை வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே கவனியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை முறை வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டால் போதும். 7 வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். 7 மணிக்கு எழுந்து 7.50க்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாள் கணக்கு இப்படி வருகிறது: கழிப்பறைக்கு 0, பல் துலக்க 1, குளிக்க 1, உடை மாற்ற 6, சாப்பிட 2, பையும் ஷூவும் 4. மற்ற நாட்களும் ஏறக்குறைய இதேபோல் இருந்தால், சிக்கல் இரண்டே இடங்களில்தான்.

உடை மாற்றுவதில் என்ன தடை? குளித்து முடித்தவள் உடை எடுக்கப் படுக்கையறைக்குப் போகிறாள். பொம்மைகள் இருப்பதும் அங்கேதான். இதற்கு அட்டை தேவையில்லை. முந்தைய இரவே உடையைக் குளியலறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. பை அடுக்கும் வேலையையும் மாலைக்கு மாற்றிவிடலாம். அட்டவணையின் முதல் பயனே இந்தக் கணக்கெடுப்புதான் என்பேன்.

மிஞ்சும் வேலைகளை அட்டைகளாக்கும்போது, தானாக நடப்பவற்றுக்குப் படம் வேண்டாம். ஆகவே கழிப்பறைக்கு அட்டை இல்லை. தடுமாறும் வேலையை மட்டும் உடைக்க வேண்டும்: "உடை" என்ற ஓர் அட்டைக்குப் பதிலாக "சட்டையும் பாவாடையும்", "சாக்ஸ்" என்று இரண்டு. பல், குளியல், சாப்பாடு, ஷூவும் பையும் ஆகியவற்றோடு மொத்தம் 6 அட்டைகள். வேலைக்கான அட்டைகள் இதற்கு மேல் போனால் வரிசையே ஒரு பாரமாகிவிடும்.

படங்களை இணையத்திலிருந்து எடுப்பதைவிட, குழந்தையின் சொந்தப் பொருட்களையே புகைப்படம் எடுப்பது நல்லது. அதிலும் வேலை முடிந்த நிலையைக் காட்டும் படம் சிறந்தது. சாக்ஸ் அட்டையில், சாக்ஸ் போட்ட அவளுடைய இரண்டு கால்கள். பை அட்டையில், பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கும் அவளே. எது முடிந்தால் முடிந்ததாகும் என்பது அப்போது பேச்சில்லாமல் விளங்கிவிடும். பின்னணி வெறுமையாக இருக்கட்டும். ஓரங்களில் பூவும் நட்சத்திரமும் ஒட்டினால், சிதற இருக்கும் கவனத்துக்கு நாமே வழிகாட்டியதாகும்.

அட்டைகளை வெல்க்ரோ வைத்து மேலிருந்து கீழாக, குழந்தையின் கண் உயரத்தில், அவள் அடிக்கடி கடக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். அடியில் ஒரு உறை. வேலை முடிந்ததும் அட்டையைப் பிய்த்து உறைக்குள் போடுவது அவள் பொறுப்பு. பேனாவால் டிக் போடுவதைவிட இது மேல். வரிசை கண்ணெதிரே குறைகிறது, மேலே இருப்பது எதுவோ அதுவே அடுத்த வேலை, முடித்ததற்கான பலனும் கையில் உடனே கிடைக்கிறது. இந்தக் குழந்தைகளை வார இறுதியில் வரப்போகும் பரிசு அவ்வளவாக இழுப்பதில்லை. உடனே கிடைக்கும் சிறு பலன் இழுக்கும். அதனால் கடைசியாக, பிடித்த விளையாட்டுக்கு 5 நிமிடம் என்று ஏழாவது அட்டை ஒன்றைச் சேர்க்கலாம். விருப்பமான செயலைப் பின்னால் வைத்தால் விருப்பமில்லாத செயல் நடக்கும் என்று உளவியலாளர் டேவிட் பிரீமேக் 1959லேயே எழுதிவைத்த விதிதான் இது.

கடிகார நேரம் எழுத வேண்டாம். "7.15 குளியல்" என்று எழுதினால் 7.20க்கு அவள் தோற்றவளாகிவிடுகிறாள். வரிசை போதும். சாப்பாடு இழுத்துக்கொண்டே போனால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் மணல் கடிகாரமோ டைமரோ வைத்துக்கொள்ளலாம்.

இனி பெரியவர்களின் வேலை. உண்மையில் இதுதான் கடினம். அட்டவணை மாட்டிய பிறகும் "சாக்ஸ் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தால், குழந்தை குரலுக்குத்தான் காத்திருக்கும், சுவரைப் பார்க்காது. தடுமாறினால் அட்டவணையைக் கையால் சுட்டிக்காட்டிவிட்டுச் சில நொடிகள் பொறுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் "அட்டையைப் பார்" என்பது மட்டும் போதும். வேலையின் பெயரைச் சொல்லாதீர்கள்.

சில வாரங்களில் அட்டவணை சுவரோடு சுவராகிவிடக்கூடும். கண் பழகிய எதையும் மூளை ஒதுக்கிவிடுகிறது. புதுமையை நாடும் இந்த மூளை இன்னும் சீக்கிரம் ஒதுக்குகிறது. கிளம்பும் நேரத்தில் எல்லா அட்டைகளையும் ஒரேயடியாக உறையில் திணித்தால் அதுதான் அறிகுறி. புதிய படங்கள், புதிய நிற அட்டை, அல்லது இரவில் வரிசையை அவளே அடுக்கும் உரிமை என்று எதையாவது மாற்றுங்கள். அட்டை நகர்ந்தும் வேலை நடக்காமல் கிடந்தால் காரணம் வேறு: அந்த வேலை இன்னும் பெரிதாக இருக்கிறது, உடைக்க வேண்டும்.

பட அட்டவணை முதலில் வேரூன்றியது ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடையே. உளவியலாளர் எரிக் ஷாப்லர் அமெரிக்காவின் வட கரோலினாவில் வளர்த்தெடுத்த டீச் திட்டம் அதைப் பரப்பியது. ஏ.டி.எச்.டி.யில் இது தனி மருத்துவம் ஆகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியை முதலில் வைக்கிறது. அந்த வயதுக்கு மேல் மருந்தையும் நடத்தைப் பயிற்சியையும் சேர்த்துப் பரிந்துரைக்கிறது. அட்டவணை அந்தப் பயிற்சியின் ஒரு கருவி. அது நினைவுக்கு உதவும். மனமில்லாத வேலைக்கு மனத்தை உண்டாக்காது.

இரண்டு வாரம் ஒரு வேலைக்குச் சுட்டிக்காட்டக்கூடத் தேவைப்படவில்லையென்றால், அதைப் பக்கத்து அட்டையோடு சேர்க்கலாம்: சட்டை, பாவாடை, சாக்ஸ் மூன்றும் மறுபடி ஒரே "உடை" ஆகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் பழைய தடுமாற்றம் திரும்ப வரலாம் என்பதால், பிரித்த அட்டைகளைத் தூக்கி எறியாமல் உறையிலேயே வைத்திருங்கள்.